ஒரு பக்கத்தில் ஒரு மஞ்சள் தொழில்

விளைந்ததைக் களத்திலேயே மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்த விவசாயிகள் பலர் இன்று தாங்களே அரைத்து, பொட்டலம் போட்டு, சொந்தப் பெயரில் விற்கிறார்கள். வாங்குவோர் - விற்போர் சந்திப்புக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். வங்கி மேலாளர் முன்னால் உட்காருகிறார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: “உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.”

அந்த ஒரு பக்கத்தில் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். தொழில் தெரியாமல் இல்லை, எதை எழுதுவது என்று தெரியாமல். “பாரம்பரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மண்ணின் மீது கொண்ட பற்றால், மக்களுக்கு நஞ்சில்லா உணவு தர வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு...” என்று தொடங்கும் குறிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் மனதார நம்பித்தான் எழுதியிருப்பார். ஆனால் மசாலா நிறுவனத்தில் கொள்முதல் பார்ப்பவருக்கு அந்த வரியில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. கடன் பிரிவு அதிகாரிக்கும் இல்லை. இருவரும் அதைத் தாண்டிக் கீழே எண்களைத் தேடுவார்கள்.

விவசாயியாக இருந்தவர் என்பது அந்தப் பக்கத்தில் பெரிய பலம். கச்சாப் பொருள் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரும், எப்போது வரும், என்ன தரத்தில் வரும் என்ற நான்கு கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான். வெளியிலிருந்து மஞ்சள் வாங்கி அரைக்கும் மில்காரரால் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பலத்தை உணர்ச்சியாக எழுதாமல் தகவலாக எழுத வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு மஞ்சள் விவசாயியை வைத்துப் பார்க்கலாம். இவர் கற்பனை ஆள். கணக்கு மட்டும் ஈரோட்டுப் பக்கத்து நடைமுறையை ஒட்டியது.

கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் 8 ஏக்கர் நிலம். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. ஆண்டுக்கு 4 ஏக்கரில் மஞ்சள், மற்ற 4 ஏக்கரில் நெல்லும் மக்காச்சோளமும். ஒரே வயலில் தொடர்ந்து மஞ்சள் வைத்தால் கிழங்கழுகல் நோய் பிடிக்கும் என்பதால் மாற்றி மாற்றிப் பயிர் செய்கிறார். கூட்டத்துக்கு முன் அவர் எழுதி வைத்திருந்த வரி இது: “எங்கள் 8 ஏக்கர் மஞ்சள் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் விளைவிக்கிறோம்.” மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர், ஈரோட்டில் அறுவடை தை மாசியில்தான். கொள்முதல்காரர் அந்த ஒரு வரியிலேயே இவர் வயலைப் பார்த்தவரா என்று சந்தேகப்பட்டுவிடுவார். உண்மையை எழுதியிருந்தால் மதிப்பு கூடியிருக்கும். 8 ஏக்கரில் 4 ஏக்கர் மட்டுமே மஞ்சள், மற்றது பயிர்ச் சுழற்சி என்பது, நோய் தெரிந்து பயிர் செய்கிறவர் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

அடுத்தது அளவு. ஏக்கருக்குப் பச்சை மஞ்சள் 10 டன் என்று வைத்துக்கொள்வோம். வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, பாலிஷ் போட்டு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஏக்கருக்கு 2 டன், நாலு ஏக்கருக்கு 8 டன் காய்ந்த மஞ்சள். இவரிடம் உள்ள அரவை இயந்திரம் மணிக்கு 50 கிலோ அரைக்கும்; நாளைக்கு ஆறு மணி நேரம், மாதம் 20 நாள் ஓட்டினால் 6 டன். ஆகவே குறிப்பில் “மாத உற்பத்தி 6 டன்” என்று எழுதியிருந்தார். அது இயந்திரத்தின் திறன். இப்போது அவர் விற்பது மாதம் அரை டன் கூட இல்லை. இந்த இரண்டு எண்ணையும் கலந்து எழுதுவதுதான் இத்தகைய குறிப்புகளில் நான் காணும் முதல் பெரிய கோளாறு. வாங்குபவர் 6 டன்னைப் படித்துவிட்டு, “அப்படியானால் எங்களுக்கு மாதம் 3 டன் கொடுங்கள்” என்பார். கூட்டத்தின் உற்சாகத்தில் இவரும் சரி என்று தலையாட்டிவிடுவார்.

மாதம் 3 டன் தூள் என்றால் ஆண்டுக்கு 36 டன். கல், மண், தூசி நீக்குவதிலும் அரைப்பதிலும் 5 சதவீதம் போகும் என்று கொண்டால், ஏறக்குறைய 38 டன் காய்ந்த மஞ்சள் வேண்டும். சொந்தமாக இருப்பது 8 டன். மீதி 30 டன்னைப் பக்கத்து விவசாயிகளிடமோ ஏலத்திலோ வாங்க வேண்டும். கிலோ 130 ரூபாய் என்று வைத்தாலும் 39 லட்சம் ரூபாய். இதே தாள் இப்போது வங்கி அதிகாரியின் மேசைக்குப் போகிறது. தூளைக் கிலோ 220 ரூபாய்க்கு விற்றால் ஆண்டு விற்பனை 79 லட்சம். சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் தரும்போது வங்கிகள் பொதுவாக ஒரு எளிய முறையைக் கடைப்பிடிக்கின்றன. ஆண்டு விற்பனையில் கால் பங்கு நடைமுறை மூலதனத் தேவை என்று கொண்டு, அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும், 5 சதவீதத்தைத் தொழில்முனைவோர் போட வேண்டும். இந்தக் கணக்கில் வங்கி தருவது 16 லட்சத்துக்கு அருகில். இவர் போட வேண்டியது 4 லட்சம். இரண்டும் சேர்ந்து 20 லட்சம். அறுவடைக் காலத்தில் 39 லட்சத்துக்குச் சரக்கு வாங்க அது பாதிதான்.

ஏன் இந்த இடைவெளி? கால் பங்கு என்ற கணக்கு, போட்ட பணம் மூன்று மாதத்தில் சுற்றித் திரும்பும் தொழிலை மனதில் வைத்தது. மஞ்சளோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. விலை குறைவாக இருக்கும் அறுவடைக் காலத்தில் வாங்கிக் கிடங்கில் வைத்தால் பணம் பன்னிரண்டு மாதத்துக்கு முடங்குகிறது. சரக்கு கிடங்கில் பல மாதம் இருக்கக்கூடியது என்பதால், ஈரோட்டில் ஏலம் ஆண்டின் மற்ற மாதங்களிலும் நடக்கிறது, மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விலை கையில் இருக்காது. 2023இல் சில மாதங்களுக்குள் மஞ்சள் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓராண்டுக்கு ஒரே விலை என்று ஒப்புக்கொண்ட எவரும் ஒவ்வொரு மூட்டையிலும் நட்டப்பட்டிருப்பார்.

இப்போது அதே ஆள் “மாதம் 1 டன் உறுதியாகத் தர முடியும்” என்று எழுதினால் என்ன ஆகிறது? ஆண்டுக்கு 12 டன் தூளுக்கு 12.6 டன் மஞ்சள் போதும். சொந்த 8 டன் முதல் ஏழு மாதத்தை ஓட்டிவிடும். மீதி 4.6 டன்னை, அதாவது 6 லட்சம் ரூபாய்ச் சரக்கை, இரண்டு மூன்று தவணையாக வாங்கலாம். விற்பனை 26.4 லட்சம், வங்கி தருவது 5.28 லட்சம், சொந்தப் பணம் 1.32 லட்சம். வாங்குபவர் 30 நாள் கடன் கேட்டாலும் தாங்கும். வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கும் வங்கியிடம் கேட்ட தொகையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஒரே குறிப்பை இருவரும் படிக்கிறார்கள் என்பதை மறக்காமல் எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாங்குபவரிடம் பெரிதாகவும் வங்கியிடம் அடக்கமாகவும் எழுதிய இரண்டு தாள்கள் எப்படியும் ஒரு நாள் ஒரே கோப்பில் சேரும். ஏனென்றால் வாங்குபவர் கொடுத்த ஆர்டர் கடிதத்தைத்தான் வங்கி முதலில் கேட்கும்.

அளவுக்குப் பிறகு தரம். ஏலக் களத்தில் அனுபவமுள்ள வியாபாரி விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக ஒடிப்பார். நன்றாகக் காய்ந்தது ‘டக்’ என்று உலோகம் தட்டிய ஓசையோடு முறியும். ஈரம் இருந்தால் வளைந்துதான் ஒடியும். முறிந்த முகத்தின் நிறத்தைப் பார்ப்பார், வெந்த பதம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். தூளாக்கி விற்பவருக்கு இந்தச் சோதனை கிடையாது. தூளுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் தெரியாது. அதனால்தான் தூள் விற்பவரின் குறிப்பில் ஆய்வக அறிக்கை இருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மஞ்சள் தூளில் ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காரீய குரோமேட் அறவே இருக்கக் கூடாது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் வர மோசடிக்காரர்கள் சேர்க்கும் நஞ்சு அது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த அறிக்கையின் எண்ணும் தேதியும் லாட் எண்ணும் போட்டால், “கலப்படமற்றது” என்ற சொல்லே தேவைப்படாது.

குர்குமின் அளவை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஈரோட்டு மஞ்சளில் அது பொதுவாக 2.5 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருக்கும். பிரதிபா போன்ற, ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களில் 6 சதவீதம் வரை போகும். நம் விவசாயி உள்ளூர் ரகம் வைத்துக்கொண்டு, இணையத்தில் படித்த 6 சதவீதத்தைத் தன் குறிப்பில் எழுதினால், முதல் மாதிரி சோதனையிலேயே கதை முடிந்துவிடும். அந்த எண் ஒவ்வொரு லாட்டுக்கும் மாறும், ஆகவே “இந்த ஆண்டு லாட்டில் 3.4 சதவீதம்” என்று கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதுவதே சரி. உணவுக்காக வாங்குபவருக்கு இது போதும். குர்குமின் பிரித்தெடுக்கும் நிறுவனம் வேறு இடத்துக்குப் போய்விடும்; போகட்டும், அவர்கள் நமக்கான வாங்குபவர்கள் இல்லை.

சில சொற்கள் தாளில் ஏறும் முன் கையில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோட்டில் விளைந்தது என்பதாலேயே அந்தக் குறியீட்டு முத்திரையைப் பொட்டலத்தில் போட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்றால் வாங்கும் நிறுவனம் உடனே என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று கேட்கும். சான்று இல்லாதவர் ரசாயன உரம் போடுவதில்லை என்றால் அதை அப்படியே எழுதலாம், எந்த ஆண்டு முதல் என்பதோடு. ‘ஏற்றுமதித் தரம்’ என்ற சொல்லை நான் எல்லாத் தாளிலும் பார்க்கிறேன். அப்படி ஒரு பொதுத் தரம் கிடையாது. ஒவ்வொரு நாடும் பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. ஏற்றுமதி செய்ய நறுமணப் பொருள் வாரியத்தின் பதிவும் வேண்டும். இரண்டும் இல்லாதபோது அந்தச் சொல் வாங்குபவரைக் கவராது, உஷார்ப்படுத்தும். “புற்றுநோயைத் தடுக்கும்”, “சர்க்கரையைக் குறைக்கும்” என்பவை உணவுப் பொருளில் எழுதக் கூடாத வாக்கியங்கள். எழுதினால் வழக்கு வரும்.

தயாரிப்புப் பட்டியலிலும் ஒரு பொறி இருக்கிறது. நம்மவர் முழு விரலி மஞ்சள், மஞ்சள் தூள், கஸ்தூரி மஞ்சள் தூள் என்று மூன்றை வைத்திருந்தார். மூன்றுக்கும் ஒரே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். முதல் இரண்டும் உணவு. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி. முகத்தில் பூசுவதற்கு விற்கப்படுகிறது. அழகுசாதனப் பொருளாகத் தயாரித்து விற்க அதற்கான தனி உரிமம் வேண்டும். உணவு உரிம எண்ணைப் போட்டு அதை ஒரு பெரிய கடைச் சங்கிலியின் கொள்முதல்காரரிடம் நீட்டினால், மற்ற இரண்டு பொருளின் மீதும் சந்தேகம் விழும். உரிமம் வரும்வரை பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுவது நல்லது. இரண்டு பொருளை உறுதியாகக் கொடுப்பவர் என்ற பெயர் பத்துப் பொருளின் வண்ணப்படத்தைவிட விலை போகும்.

வங்கிக்குப் போகும் தாளில் இன்னும் மூன்று இடங்கள் முக்கியம். முதலாவது நிலம். “எனது நிலம்” என்று எழுதிவிட்டு அப்பா பெயரில் பட்டா காட்டினால், அதிகாரி மற்ற வரிகளையும் அதே கண்ணோடு படிப்பார். “அப்பா பெயரில் உள்ள நிலத்தில் நான் பயிர் செய்கிறேன்” என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. உத்யம் பதிவு மனைவி பெயரில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் காயவைப்பது முதல் பொட்டலம் வரை பார்ப்பவர் அவர்தான், தொழிலின் உரிமையாளராக அவர் பெயரிலேயே குறிப்பு எழுதப்படுவதுதான் நியாயம். இரண்டாவது பழைய கடன். கிசான் கடன் அட்டையில் வாங்கிய பயிர்க்கடனை ஆண்டுதோறும் கட்டிப் புதுப்பித்திருந்தால், தொழிலுக்குப் புதியவரிடம் வங்கி பார்க்கக்கூடிய முதல் நாணயச் சான்று அது. எத்தனையோ பேர் அதை எழுத மறந்துவிட்டு, எங்கோ வாங்கிய கேடயத்தின் படத்தைப் போடுகிறார்கள். ஒரு ஆண்டு தவணை தள்ளிப்போயிருந்தால் மறைக்க வழியில்லை, சிபில் அறிக்கையில் இருக்கும். எந்த ஆண்டு, என்ன காரணம், எப்போது கட்டி முடித்தேன் என்று ஒரே வரியில் தானே எழுதிவிட்டால், அதிகாரி தன் குறிப்பில் அந்த விளக்கத்தையே எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது மானியம். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், வங்கிக் கடனோடு இணைந்து திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். தொழில்முனைவோர் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். அந்த மானியம் கையில் பணமாக வருவதில்லை. வங்கியில் தனிக்கணக்கில் நிற்கும். கடன் ஒழுங்காக நடந்தால் மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் கடனில் கழியும். இது தெரியாமல், “எனது முதலீடு: மானியம் 10 லட்சம்” என்று எழுதிக் கொடுத்த தாள்களும் உண்டு. அதைப் படிக்கும் அதிகாரிக்கு, இவர் கையில் பணம் எதுவும் இல்லை என்றுதான் பொருள்படும்.

இத்தனையும் பார்த்த பிறகு, நம் விவசாயியின் குறிப்பு வாங்குபவருக்காக இப்படி அமையலாம்:

“ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் குடும்ப நிலம் 8 ஏக்கரில், பயிர்ச் சுழற்சி முறையில் ஆண்டுக்கு 4 ஏக்கரில் மஞ்சள் பயிரிடுகிறேன். இந்த ஆண்டு எங்கள் காய்ந்த மஞ்சள் 8 டன். வேகவைப்பது, காயவைப்பது, அரைப்பது மூன்றும் எங்கள் இடத்திலேயே நடக்கின்றன. மாதம் 1 டன் தூள் ஆண்டு முழுவதும் தர முடியும். முதல் ஏழு மாதம் சொந்த மஞ்சளில், அதன்பின் எங்கள் ஊர் விவசாயிகளிடம் வாங்கியதில். ஒவ்வொரு மூட்டையிலும் லாட் எண் இருக்கும். எந்த வயல், எந்த வாரம் அரைத்தது என்று பதிவேட்டில் காட்டுவோம். இந்த லாட்டின் ஆய்வக அறிக்கை இணைப்பில் உள்ளது. 25 கிலோ மூட்டை, 500 கிராம், 100 கிராம். குறைந்த அளவு ஆர்டர் 100 கிலோ. விலை 15 நாள் வரை செல்லும்.”

இதில் ஒரு உரிச்சொல்கூட இல்லை. இருந்தும் ஆளைத் தெரிகிறது. ஏழு மாதம் சொந்த மஞ்சள், பிறகு வெளி மஞ்சள் என்று அவரே சொல்வதைக் கவனியுங்கள். அதை மறைத்தால் எட்டாவது மாதம் நிறம் சற்று மாறும்போது வாங்குபவர் கண்டுபிடிப்பார். முன்பே சொன்னதால், எட்டாவது மாத லாட்டுக்குப் புதிய ஆய்வறிக்கை கேட்பார், அவ்வளவுதான். விலை 15 நாள் என்ற கடைசி வரி, 2023இல் நடந்ததைப் போன்ற விலை ஏற்றத்திலிருந்து இவரைக் காக்கிறது.

வங்கிக்குக் கொடுக்கும் தாளில் முதல் நான்கு வாக்கியமும் அப்படியே இருக்கலாம். பொட்டலம், ஆர்டர் விவரங்கள் இருந்த இடத்தில் இப்படி வரும்: “பயிர்க்கடன் கணக்கைத் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். கடந்த ஆண்டு தூள் விற்பனை ஜி.எஸ்.டி. கணக்கின்படி இணைப்பில் உள்ளது. இரண்டு வாங்குபவர்களின் ஆர்டர் கடிதம் உள்ளது. இந்த ஆண்டு 4.6 டன் மஞ்சள் வெளியில் வாங்க வேண்டியிருப்பதால் 5.28 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் கேட்கிறேன், 1.32 லட்சம் சொந்தமாகப் போடுகிறேன். மஞ்சள் ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் சரக்கு இருப்பு மாசி, பங்குனியில் உச்சத்திலும் மார்கழியில் குறைவாகவும் இருக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுபவர் மிகக் குறைவு. கிளைக்கு மாற்றலாகி வந்திருக்கும் அதிகாரிக்கு மஞ்சளின் பருவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் மாதம் சரக்குத் தணிக்கைக்கு வந்து கிடங்கு பாதி காலியாக இருப்பதைப் பார்த்தால், கடன் பணம் வேறு எங்கோ போய்விட்டதென்று நினைக்க இடமுண்டு. பருவத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தால் காலிக் கிடங்கு சரக்கு விற்றுப்போனதைக் காட்டும்; வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டிய தொகையைப் பக்கத்தில் காட்டினால் கணக்கு நேராகிவிடும். விலை குறைவான காலத்தில் கூடுதலாக வாங்கிச் சேமிக்க ஆசைப்பட்டால், அதற்கு இந்தக் கடன் வரம்பைத் தொடாமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று தனியாகக் கேட்பது நல்லது.

இரண்டு தாளின் மூலையிலும் தேதி இருக்க வேண்டும். 8 டன், 3.4 சதவீதம், ஏழு மாதம் எல்லாம் இந்த அறுவடையின் எண்கள். அடுத்த மாசியில் மஞ்சள் களத்துக்கு வந்து, எடை போட்டு, புது லாட்டின் அறிக்கை கைக்கு வந்ததும், பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வாரமே புதிதாக எழுதி, ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கும் வங்கிக்கும் சேர்த்தே அனுப்பிவிட வேண்டும்.